பத்து மணிக் கூட்டத்துக்கு ஒரு பேச்சாளர்

செங்கமலம் நூற்பாலையின் தொழிலாளர் நல அலுவலர் கைலாசநாதனுக்கு அந்த வருஷம் தை மாதத்திலிருந்தே தூக்கம் சரியில்லை. காரைக்கால் கடல்காற்று ஜன்னல் வழியே தாராளமாக வந்தது, மெத்தையும் பழைய மெத்தைதான். கண்ணை மூடினால் மட்டும் அடைக்கலராஜின் கை வந்து நின்றது.

அடைக்கலராஜ் நூற்புப் பிரிவுத் தொழிலாளி, திருமலைராயன்பட்டினத்துக்காரன். ஜனவரிக் கடைசியில் ஒருநாள், விடிகாலை நாலு மணி பத்து நிமிஷத்துக்கு, நின்றபடியே தூங்கிவிட்டான். வலது கையில் இரண்டு விரல் நுனி போயிற்று. விரல் போனதற்கு வைத்தியம் பார்த்த மில், தூங்கியதற்கு அவனைத் தற்காலிக வேலை நீக்கத்தில் வைத்தது. விசாரணை நடந்தது. தூங்கினாயா என்று கேட்டார்கள், தூங்கினேன் என்றான். அதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது? டிஸ்மிஸ் ஆர்டரைக் கைலாசநாதனே டைப் அடிக்கக் கொடுத்து, பைலில் வைத்திருந்தார். மேலாளர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவன் ஏன் தூங்கினான் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, கைலாசநாதன் உட்பட. தை மாதம் சம்பா அறுவடை. நிலமுள்ளவர்கள் எல்லாம் லீவு போட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார்கள். நிலமில்லாத அடைக்கலராஜைப் பிடித்து மூன்று வாரம் விடாமல் மூன்றாவது ஷிப்டில், அதாவது நள்ளிரவிலிருந்து காலை ஏழு மணி வரை, போட்டிருந்தார்கள். அந்த ஷிப்டுத் தாளின் அடியில் கைலாசநாதனின் சுருக்கொப்பமும் இருந்தது. அந்தச் சின்ன ஒப்பம்தான் ராத்திரிதோறும் அவர் மார்பில் ஏறி உட்கார்ந்தது.

மார்ச் நாலாம் தேதி பாதுகாப்பு தினம். அன்றைக்கு வெளியிலிருந்து யாரையாவது கூப்பிட்டு ஒரு கருத்தரங்கு வைப்போம் என்று மேலாளர் திருஞானசம்பந்தத்திடம் அவர்தான் போய்ச் சொன்னார்.

"நல்ல யோசனை கைலாசம். வேலையில கவனம்னு தலைப்பு வையுங்க. வர்றவரு நல்லா நாலு வார்த்த உறைக்கிற மாதிரி பேசணும்" என்றார் மேலாளர். அவர் கெட்டவர் இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறவர், உலகமே அப்படித்தான் என்று நம்புகிறவர். அவ்வளவுதான்.

"தஞ்சாவூர்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க சார். உடலியங்கியல் பேராசிரியை. தூக்கத்தப் பத்தித்தான் ஆராய்ச்சி."

"தூக்கத்துல ஆராய்ச்சியா? நம்ம ஆளுங்களே பண்றாங்களே!" என்று மேலாளர் சிரித்தார். தானே ரசித்த ஹாஸ்யம் அவரைத் தாராளமாக்கியது. "சரி, கூப்பிடுங்க."

கைலாசநாதன் மூன்று தாளைக் கிழித்தெறிந்து நாலாவதில் கடிதம் எழுதினார். எழுதியது இங்கிலீஷில். சாரம் இதுதான்: மார்ச் நாலு, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, மில் வாசலுக்கு எதிரே உள்ள மனமகிழ் மன்றம். தலைப்பு, வேலையில் கவனம். பேச்சு நாற்பது நிமிஷம், கேள்விக்கு இருபது. கேட்பவர்கள் தொழிலாளர்களும் சில அதிகாரிகளும். சன்மானம் இருநூறு ரூபாய். அழைத்துவரவும் கொண்டுபோய் விடவும் மில்லின் அம்பாசிடர் கார். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. தங்கவேண்டுமானால் விருந்தினர் அறை உண்டு. தங்கள் சம்மதத்தைப் பதினைந்தாம் தேதிக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

டாக்டர் மங்கையர்க்கரசியின் பதில் எட்டு நாளில் வந்தது. சன்மானம் பற்றி ஒரே வரி: உங்கள் விருப்பம். கேட்பவர்கள் பற்றி அரைப்பக்கம். "தொழிலாளர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஷிப்டுத் தொழிலாளர்கள்? முதல்நாள் எத்தனை மணிக்குப் படுத்தவர்கள்? இது தெரியாமல் நான் யாருக்கு என்று பேச்சைத் தயார் செய்வது?"

கைலாசநாதன் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். தான் இத்தனை நாளாகக் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை முகம் தெரியாத ஒரு அம்மாள் தபாலில் கேட்டுவிட்டார்களே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

மேலாளரிடம் போனார். முதல் ஷிப்டுக்காரர்கள் வந்தால் இயந்திரம் நிற்கும், இயந்திரத்தை நிறுத்த மேலாளர் சம்மதிக்கமாட்டார். இரண்டாவது ஷிப்டுக்காரர்கள் மூன்று மணிக்குத்தான் வருவார்கள். மத்தியானத்துக்குத் தள்ளலாம் என்றால் வெள்ளிக்கிழமை. முஸ்லிம் தொழிலாளர்கள் பன்னிரண்டு மணிக்கே ஜும்மாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். அது முடிந்து சாப்பிட்டுத் திரும்பினால் ஷிப்டு மாறும் சந்தடி.

"ராத்திரி வேலை முடிச்சவனுக்குப் பகல்ல என்ன வேலை? மூணாவது ஷிப்டு ஆளுங்கள உட்கார வையுங்க. ஏழு மணிக்கு விட்டதும் டிபன் குடுத்து அங்கேயே நிறுத்திடுங்க" என்றார் மேலாளர். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, "அந்த அடைக்கலராஜுக்கும் சொல்லி அனுப்புங்க. முன்வரிசையில உட்கார்ந்து கேட்கட்டும். மன்றம் மில்லுக்கு வெளியதான இருக்கு, சஸ்பென்ஷன்ல இருக்கறவன் வரலாம். கூட்டம் முடிஞ்சதும் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

எதையும் மறைக்காமல் கைலாசநாதன் அப்படியே எழுதினார். நாற்பத்தோரு பேர், இரவு ஷிப்டு முடித்து வருகிறவர்கள். வேறு நேரம் வாய்க்கவில்லை. டாக்டரம்மாவின் பதில் ஒரு அஞ்சலட்டை: "சரி, பத்து மணிக்கே வருகிறேன். ஸ்லைடு காட்டவேண்டும். அறை நன்றாக இருட்டாக இருக்கட்டும்."

இருட்டுக்காகக் கைலாசநாதன் திருமலைராயன்பட்டினத்தில் முகைதீன் பிச்சையின் கடைக்குப் போய்க் கறுப்புக் குடைத்துணி வாங்கிவந்தார். "பகல ராத்திரியாக்கிடும் சார் இது" என்று கடைக்காரர் மீட்டரால் அளந்தபடி பெருமைப்பட்டார். புரொஜெக்டரை நாகப்பட்டினத்தில் வாடகைக்குப் பிடித்தாயிற்று. கிறிஸ்தவர்களுக்குத் தவக்கால வெள்ளி என்பதால் சாப்பாட்டில் கறி வேண்டாமென்று சமையல்காரரிடம் சொல்லியாயிற்று. எல்லாம் ஒழுங்காக நடந்தது, தூக்கம் ஒன்றைத் தவிர. மூன்றாம் தேதி இரவு அவர் பொட்டுக்கூடக் கண் மூடவில்லை.

நாலாம் தேதி காலை அம்பாசிடரிலிருந்து இறங்கிய டாக்டர் மங்கையர்க்கரசி, மூக்குக்கண்ணாடியும் கைத்தறிப் புடவையுமாக, ஐம்பது வயதுக்குச் சுறுசுறுப்பாக இருந்தார். நாற்பத்தோரு பேரும் மன்றத்தில் இருந்தார்கள். தலைமுடியில் பஞ்சு, வயிற்றில் பொங்கல். முன்வரிசை ஓரத்தில் கையில் கட்டோடு அடைக்கலராஜ், குற்றவாளி உட்காரும் விதமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். மேலாளர் வரவேற்றுப் பேசினார். வேலையில் கவனம் என்ற சொல்லை ஏழு தடவை சொன்னார், ஏழு தடவையும் முன்வரிசை ஓரத்தைப் பார்த்தே.

ஜன்னல்களில் குடைத்துணி இறங்கியது. இருட்டில் புரொஜெக்டரின் சின்ன விசிறி இரைந்தது. திரையில் ஒரு வெளிச்சச் சதுரம். டாக்டரம்மாவின் குரல் தாழ்ந்து, அவசரமில்லாமல் வந்தது. மனுஷ உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதாம். சங்கு ஊதினாலும் ஊதாவிட்டாலும் அது தன் பாட்டுக்கு ஓடுமாம். விடியுமுன் உடம்பின் சூடு இறங்குமாம்.

கைலாசநாதனுக்குக் குரல் கேட்டது, வார்த்தைகள் நழுவின. சாலைக்கு அப்பாலிருந்து மில்லின் இரைச்சல் மெல்ல வந்தது, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் இரைச்சல் ஆயிற்று. கறுப்புத்துணி காற்றில் உப்பித் தாழ்ந்தது, மறுபடி உப்பியது. மன்றம் ஒரு படகாகிக் கரையை விட்டு நகர்ந்தது. நாற்பத்தோரு பேரும் அதில் இருந்தார்கள். பஞ்சு மழையாகப் பெய்தது. யாருக்கும் எங்கேயும் போகவேண்டியதில்லை, யாரும் யாரையும் எழுப்பவில்லை. எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு நிம்மதி! அவர் அந்தப் படகிலேயே இருந்துவிட ஆசைப்பட்டார்.

"இந்தக் கோடு எத்தனை மணிக்கு ரொம்பக் கீழ இறங்குது? யாராவது பார்த்துச் சொல்லுங்க."

படகில் யாரும் பதில் சொல்லவில்லை.

"யாராவது?"

"நாலு மணிங்கம்மா."

கைலாசநாதன் திடுக்கிட்டுக் கண் திறந்தார். திரையில் ஒரு வளைந்த கோடு, நாலு மணியில் பள்ளமாக விழுந்து கிடந்தது. பதில் வந்தது முன்வரிசை ஓரத்திலிருந்து.

டாக்டரம்மா பேச்சை நிறுத்தினார். புரொஜெக்டரை இலேசாகத் திருப்பினார். வெளிச்சம் திரையை விட்டு இறங்கி நாற்காலிகள் மேல் ஊர்ந்தது. முதல் வரிசையில் சாய்ந்த தலைகள். இரண்டாவது வரிசையில் ஒருவன் தோளில் ஒருவன். மூன்றாவதில் வாய் பிளந்த ஒரு பெரியவர், மடியில் கைகளைக் குழந்தை போல வைத்தபடி. ஒருவர் பாக்கியில்லாமல் நாற்பத்தோரு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் கடைசியில் அடைக்கலராஜின் முகத்துக்கு வந்தது. அவன் மட்டும் கண்ணை அகல விரித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தான்.

மேலாளர் எழுந்துவிட்டார். கத்தப்போகிறார் என்று கைலாசநாதன் நினைத்தார்.

"எழுப்பாதீங்க" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "நான் சொல்ல வந்தத என்னவிட நல்லாச் சொல்லிக்கிட்டிருக்காங்க."

மேலாளர் நின்றபடி வரிசை வரிசையாகப் பார்த்தார். அவருடைய மிகச் சிறந்த தொழிலாளிகள் அதில் இருந்தார்கள். போன வருஷம் அவர் கையால் பரிசு வாங்கியவன் ஒருவன் குறட்டை விட்டான். பார்வை சுற்றி வந்து அடைக்கலராஜிடம் நின்றது.

"நீ ஏம்ப்பா தூங்கல?"

அடைக்கலராஜ் எழுந்து நின்றான். குரலில் குத்தல் இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

"நாந்தான் ஒரு மாசமா ராத்திரியில தூங்குறேனே சார்."

மேலாளர் மறுபடி உட்கார்ந்தார். கையெழுத்துக்காகக் கொண்டுவந்து மடியில் வைத்திருந்த பைலைக் கைலாசநாதன் தடவிக்கொண்டார். இப்போது பேசாவிட்டால் இனி எப்போதுமே பேசமுடியாது என்று தோன்றிற்று.

"சார், அவன மூணு வாரம் சேர்ந்தாப்பல ராத்திரி ஷிப்டுல போட்டது நாம. அந்தத் தாள்ல என் ஒப்பம் இருக்கு. விசாரணையில நான் அதச் சொல்லல."

சொல்லி முடித்தார். இருட்டு இருந்தது நல்லதாகப் போயிற்று.

மேலாளர் கையை நீட்டினார். பைலிலிருந்து ஆர்டரை எடுத்து, புரொஜெக்டர் வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை படித்தார்.

"இது ஒண்ணுதான் அடிச்சிருக்கீங்களா?"

"ஆமா சார்."

"பத்தாதே கைலாசம். இன்னும் நாப்பத்தோரு காப்பி வேணுமே." அந்தத் தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு அடைக்கலராஜிடம், "கை ஆறிடுச்சா?" என்றார்.

"ஆறிக்கிட்டு வருது சார்."

"ஆறினதும் வா. பகல் ஷிப்டு."

அடைக்கலராஜ் தலையசைத்தான். கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். டாக்டரம்மா அவனைப் பார்க்காததுபோல அடுத்த ஸ்லைடைத் தேடினார். பக்கத்து நாற்காலிக்காரனின் தலை சரிந்து அவன் தோளில் வந்து விழுந்தது. அவன் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தான்.

"ஜும்மாவுக்குப் போறவங்கள எத்தன மணிக்கு எழுப்பணும்?" என்று மேலாளர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பன்னெண்டுக்கு சார்."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்தைந்து. "அப்ப இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, காற்றில் விலகியிருந்த குடைத்துணியைத் தானே எழுந்துபோய் இழுத்துச் சரிசெய்தார்.