அனுமதித்தவர்: சுகுணா

ஏற்காட்டில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு நாகலூர் பஸ்ஸில் வந்து இறங்கிய சுகுணா, வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் லேப்டாப்பைத்தான் திறந்தாள். பாதி வழியில் சிக்னல் போயிருந்தது. திரையில் பச்சை நிறத்தில் ஒரு வரி தெரிந்தது: புதிய பதிப்பு வெளியானது. அதன் கீழே, அனுமதித்தவர்: சுகுணா.

அவள் அனுமதிக்கவில்லை.

ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தளவு கணக்கிடும் மென்பொருள் செய்யும் கம்பெனியில் வீட்டிலிருந்தே அவளுக்கு வேலை. யார் நிரலை மாற்றினாலும் அது சோதனைகளைத் தாண்டி, நோயாளிகளிடம் போகும் கடைசி வாசலில் நின்றுவிடும். பெயர் குறித்து வைத்த இருவரில் ஒருவர் அனுமதித்தால்தான் உள்ளே போகும். ஒருவர் சுகுணா, மற்றவர் பிரபாகர். பிரபாகர் கல்யாண லீவில் இருந்தான். வெளியீட்டைத் தொடங்கியவர் தானே அனுமதிக்கவும் முடியாது.

இன்று அந்த வாசலில் நின்றது உடன் வேலை செய்யும் மோனிஷாவின் மாற்றம், குழந்தைகளின் காய்ச்சல் மருந்துக் கணக்கு. இருமடங்கு வீரியமுள்ள பாட்டிலையும் அது சாதா பாட்டிலாகவே எடுத்துக்கொள்கிறதோ என்று சுகுணாவுக்குச் சந்தேகம். 'நான் வரும்வரை நிற்கட்டும்' என்று காலையில் அவளுக்கு எழுதிவிட்டுத்தான் கிளம்பினாள்.

சந்தேகம் சரிதான் என்று மாற்றத்தை மறுபடி பார்த்தபோது தெரிந்தது.

"ஏனுங்க, என் லேப்டாப்பைத் தொட்டீங்களா?"

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் அவள் கணவன் தனபால் சாப்பாட்டுத் தட்டோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "ஆமா, உங்க ஆபீஸ் புள்ள மோனிஷா போன் பண்ணுச்சு. உன் போன் கெடைக்கலயாம். 'அக்கா சரின்னுட்டாங்க, பச்சை பட்டன அமுக்கிருங்கண்ணா'ன்னுச்சு. பாஸ்வேர்டுதான் பாப்பா பேருன்னு எனக்குத் தெரியுமே. அமுக்கிட்டேன். என்ன சுகுணா, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

அவன் அமுக்கியது வெறும் பட்டன் இல்லை என்று எப்படிச் சொல்வது? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றவேண்டும். பட்டனில் விரல் வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அவள் தொடங்கினால் அவளே அனுமதிக்க முடியாது. பிரபாகருக்கு அடித்தாள். போன் அணைத்து வைத்திருந்தது. அன்றைக்கு வெளியீட்டைத் தொடங்கக்கூடிய இன்னொருத்தி மோனிஷா மட்டும்தான். ஏமாற்றியவளுக்கே போன் போட்டாள்.

"மோனிஷா, பழைய பதிப்பை இப்பவே திரும்ப ஏத்து. நான் அனுமதிக்கறேன்."

"அக்கா, அதுல என்ன..."

"இருமடங்கு மருந்து போவுது மோனிஷா. கொழந்தைங்களுக்கு."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. வாசலில் புதுக் கோரிக்கை வந்து நின்றதும், சுகுணா பதிப்பு எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துவிட்டு அனுமதித்தாள். இந்த முறை அமுக்கியது அவள் விரல்.

பழைய பதிப்பு ஏறிய பிறகு, இடைப்பட்ட நேரத்தில் கணக்குப் போட்ட வார்டுகளைத் தேடினாள். ஒன்றே ஒன்று, சேலத்தில். அங்கிருந்த நர்ஸ் கலாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டு கொழந்தைங்க," என்றாள் கலா. "ஒண்ணுக்கு அளவு அதிகமாத் தோணுச்சு, கொடுக்கல. இன்னொண்ணுக்குக் கொடுத்துட்டேனுங்க." "டாக்டரக் கூப்புடறேன், இருங்க."

தனபால் தட்டைக் கீழே வைத்தான். சற்று நேரத்தில் கலாவே போன் செய்தாள்.

"ஒரு வேளை மருந்துதானே, ஆபத்தில்லன்னு சொல்லிட்டாருங்க. ராத்திரி வரைக்கும் வார்டுலயே வெச்சுப் பாக்கறோம்."

சுகுணா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகை நின்றதும் மேலதிகாரிக்கு எழுதத் தொடங்கினாள். தனபால் பின்னால் வந்து படித்தான்.

"என் பேர எழுதணுமா? உன் வேலையே போயிரும் சுகுணா. தெரியாம அமுக்கிட்டேன்னு நீயே..."

"நான் அமுக்கலைங்க. அந்த எடத்துல யாரோ யோசிச்சுப் பாத்தாங்கன்னு நம்பித்தான் அந்த நர்ஸம்மா ஊத்துனாங்க. யாருமே பாக்கல. அதச் சொல்லியாகணும். பாஸ்வேர்ட உங்களுக்குத் தெரியும்படி வெச்சதயும் எழுதறேன்."

அவன் வாசல் படியில் போய் உட்கார்ந்தான்.

மறுநாள் அனுமதிப்பவர் வரிசையில் அவள் பெயர் இல்லை. விசாரணை முடியும்வரை அப்படித்தான் என்றார்கள். மோனிஷாவால் வெளியீட்டைத் தொடங்க முடியாதபடியும் செய்துவிட்டார்கள். சேலத்துக் குழந்தை காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டதாகக் கலா சொன்னாள்.

அன்றைக்கும் தனபால் எஸ்டேட்டுக்குப் போகவில்லை. மதியம் அவள் எதிரில் வந்து நின்று கேட்டான்.

"அந்தக் கொழந்தைக்கு எத்தன வயசு?"

"மூணுங்க."

அவர்களுடைய பாப்பாவுக்கும் மூன்றுதான்.