வாரம் இருபது மணி நேரம்

நேலிதா ஆரோஸ்பிதே தன் வருங்காலத்தை ஒரே தாளில் எழுதி வைத்திருந்தாள். பதிப்பகத்தில் பக்க வடிவமைப்பு வேலை இனி காலையில் மட்டும், வாரம் இருபது மணி நேரம். மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிற்பகல்களில் வெளியார் கேட்கும் புத்தக அட்டைகள். மார்ச்சில் பள்ளி திறந்ததும் செவ்வாய், வியாழன் மதியம் அங்கே வடிவமைப்பு வகுப்பு எடுப்பாள். ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் தாங்கும் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டம்.

முதலாளி வாஷிங்டன் எச்சேவெரி மாத்தே மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி தாளைப் படித்தார்.

"பிரமாதம்! உனக்கு மூளை இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"ஒப்பந்தத்துல காலை எட்டுலேருந்து பன்னெண்டு வரைன்னு போட்டுடலாமா?"

அவர் முகம் வாடியது. "பதினாலு வருஷம் பழகியிருக்கோம். என்னை நம்பலையா நீ?"

நேலிதாவுக்கு வெட்கமாகிவிட்டது. 'வாரம் இருபது மணி நேரம்' என்று மட்டும் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டாள்.

வகுப்பு தொடங்கிய வாரம் திங்கட்கிழமையே அவர் மேசைக்கு வந்தார். "இனிமே செவ்வாய், வியாழன் மதியம் வந்துடு. காலைல உன் இடத்துல வேற பொண்ணு உக்காருது."

"அன்னிக்குத்தான் எனக்கு வகுப்புன்னு உங்களுக்குத் தெரியுமே!"

"தெரியும். ஒப்பந்தத்துல இருபது மணி நேரம்னுதான் இருக்கு. எந்த நேரம்னு இல்லையே."

இரண்டு வாரம் பள்ளியில் கெஞ்சி நாள் மாற்றினாள். மூன்றாவது வாரம் அங்கே வேறு ஆசிரியரை வைத்துக்கொண்டார்கள். நாள் மாறிய வகுப்பு மற்ற மதியங்களை விழுங்கியிருந்ததால் இரண்டு அட்டைகள் தாமதமாயின. அந்த வாடிக்கையாளர்களும் போனார்கள். ஏப்ரல் முடிவதற்குள் அவளிடம் மிஞ்சியது அரை வேலை மட்டும்.

பழையபடி முழு நேரம் கேட்டுப் போனாள்.

"அந்த இடம் நிரம்பிடுச்சே" என்றார் வாஷிங்டன். "ஏன் இப்படிப் பண்ணேன்னு உன் கண்ணு கேக்குது. நீ பாதி நேரம் வாங்கினதைப் பாத்து இன்னும் மூணு பேரு அதே மாதிரி தாளோட வந்தாங்க. நான் கடையை மூடவா? ஒண்ணு பண்ணு. சாப்பாட்டு நேரத்துல இஸ்மாயேலுக்குப் புத்தி சொல்லு. அப்புறம் உன் நேரத்தைப் பத்திப் பேசலாம்."

மெய்ப்புத் திருத்துநர் இஸ்மாயேல் தன் தாளை ரொட்டிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தான். அரை வேலை, வெளி மொழிபெயர்ப்பு, மாலை வகுப்பு. அழகான கையெழுத்து.

"நீ சொல்லு நேலிதா. உன்னைப் பாத்துத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு."

நேரத்தை எழுதி வாங்கு. அந்த மூன்று சொல் அவள் நாக்கு நுனியில் நின்றது. கண்ணாடிக்கு அப்பால் வாஷிங்டன் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் தாள்ல நல்லாத்தான் இருக்கும்" என்றாள். "எனக்குத் திறமை பத்தலை. என்னாலயே முடியலை. உனக்கு எதுக்குப்பா வம்பு?"

இஸ்மாயேல் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். தோற்றது தான் மட்டும் இல்லை என்று நினைத்தபோது நேலிதாவுக்குப் பல நாட்களுக்குப் பிறகு பசித்தது. அவன் நீட்டிய ரொட்டியை வாங்கிக்கொண்டாள்.

வாஷிங்டன் அவளுடைய நேரத்தைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.