ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி என்றால் எனக்கு நடுராத்திரி. கம்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு இரவுப் பணி. எட்டு மணிக்கு வார்டை ஒப்படைத்துவிட்டு, எட்டரைக்கு அறைக்கு வந்து, கொஞ்ச நேரம் மீன் பிடிப்பேன். டிவியில்தான். விளையாட்டுப் பெட்டியில் அப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது. தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார வேண்டும். மீன் கடித்தால் கையில் இருக்கும் கன்ட்ரோலர் உறுமும். டிவி சத்தத்தைச் சுத்தமாக அணைத்து வைத்தாலும் ஆடலாம். நாலு மீன் பிடிப்பதற்குள் கண் சொருகிவிடும்.

பெட்டி என்னுடையது அல்ல, சுருளிவேல் அண்ணனுடையது. அவர் ஜீப் ஓட்டுகிறவர். விடிகாலை ஐந்து மணிக்கு ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறினால், அவர்களோடு சாயங்காலம்தான் இறங்குவார். நான் கிளம்பும்போது அவர் வருவார், அவர் கிளம்பியபின் நான் வருவேன். ஒரு அறை, ஒரு டிவி, இரண்டு பேர். வாரத்தில் ஆறு நாள் எந்தச் சிக்கலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. பதினொரு மணிக்கு அவருடைய மகள் நதியா வருவாள். அவளும் டிவியில்தான் வருவாள். பதினொரு வயது. அம்மாவோடு கட்டப்பனையில் இருக்கிறாள். அண்ணனும் அண்ணியும் பிரிந்து நாலு வருஷம் ஆகிறது, அண்ணி இவர் போனை எடுப்பதில்லை. பிள்ளையோடு விளையாட மட்டும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் விட்டிருக்கிறார். கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு. நாற்பத்திரண்டு வயதில் அதற்காகவே பழைய பெட்டி ஒன்றை வாங்கி, பொத்தான் பொத்தானாகக் கற்றுக்கொண்ட மனிதர் அவர்.

அவர் ஹெட்போன் போட்டுக்கொள்ளாமல் இல்லை. கன்ட்ரோலரில் செருகிவிட்டால் மொத்தச் சத்தமும் அவர் காதுக்குள் போய்விடும், டிவி ஊமையாகிவிடும். ஆனால் ஹெட்போன் விளையாட்டைத்தான் அடக்கும், விளையாடுகிறவரை யார் அடக்குவது? இரண்டு காதையும் இறுக மூடிக்கொண்டு அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். "நதியா, அங்கன கதவு வைக்காத ஆத்தா, இங்கன வையி." என் தலையணைக்கு நாலடி தூரத்தில் ஒரு மணி நேரம் இப்படி.

பொறுத்துத்தான் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் மூடவே முடியாமல் அன்று இரவு வேலைக்குப் போனேன். ஆறாம் படுக்கைக்குப் போட வேண்டிய ஊசியை ஏழாம் படுக்கையிடம் கொண்டுபோய்விட்டேன். "எனக்குக் காலையிலதானே ஊசி?" என்று அந்தப் பெரியவர் கேட்டதால் இரண்டு பேரும் தப்பித்தோம். மறுநாள் சாயங்காலம் அண்ணன் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே நான் தூங்குறப்ப உங்க குரல் கேட்டுச்சுன்னா ரூமக் காலி பண்ணிருவேன்ணே. ஒரு உசுரு போயிருக்கும்."

"சரி தம்பி" என்றார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் மூன்று ஞாயிறு அறையில் சத்தமே இல்லை. மைக்கை அணைத்துவிட்டு, அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பதிலை விளையாட்டுக்குள் பலகை நட்டு அதில் எழுதினாராம். நான் செத்த பிணம் போலத் தூங்கினேன். நியாயத்தைக் கேட்டு வாங்கிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாலாவது ஞாயிறு தூக்கத்தில் போன் அடித்தது. அண்ணன்தான். லீவு நாளிலும் கல்யாண வாடகைக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனவர் வளைவில் லாரி ஒன்று நின்றுவிட்டதால் மாட்டிக்கொண்டாராம்.

"தம்பி, பெட்டிய மட்டும் போட்டுரு. நாங்க கட்டுற வீடு என் கணக்குல இருக்கு, நான் தொறந்தாத்தான் அவ உள்ள வர முடியும். பலகையில 'அப்பா வர்றேன்'னு எழுதிரு. உன் தூக்கத்தக் கெடுக்கேன், மன்னிச்சுக்க."

வாய்க்குள் திட்டிக்கொண்டே எழுந்தேன். ஹெட்போனை மாட்டி, வீட்டைத் திறந்தேன். மலைச்சரிவில் ஓட்டு வீடு, முன்னால் ஒரு ஜீப் மாதிரி ஏதோ கட்டியிருந்தார்கள். வாசலிலிருந்து வரிசையாகப் பலகைகள்.

அந்தப் பெட்டியில் தமிழ் தட்ட முடியாது. ஆங்கில எழுத்தில், கன்ட்ரோலரில் இருக்கும் குச்சியை நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்க வேண்டும். ஸ்டியரிங் பிடித்த கைக்கு அது லேசான வேலை இல்லை. அதனால் அண்ணன் எழுதியது எல்லாம் ஒற்றைச் சொல். "ம்." "இல்ல." "சரி." "போ." அதற்குப் பக்கத்தில் அவள் நட்ட பலகைகள். "அப்பா கோவமா?" அதற்கு அவர் பதில், "இல்ல." அடுத்து, "நான் என்ன தப்பு செஞ்சேன்?" அதற்கு, "சும்மா." கடைசியாக ஒன்று, "சரி அப்பா." அதற்குப் பின் பலகையே இல்லை.

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அவள் வீட்டுக்குள் வந்தாள். பேச அழைக்கிறாள் என்று திரையில் வந்தது. ஒப்புக்கொண்டேன்.

"அப்பா?"

"அப்பா இல்லம்மா. அவுக கூட ரூம்ல இருக்குற செல்வின். அப்பா மலையில வந்துக்கிட்டு இருக்காக."

"அங்கிள், அப்பா எங்கிட்ட மிண்டவே மாட்டேங்குறாரு" என்றாள். பேசுவதைத்தான் அப்படிச் சொன்னாள், பாதி மலையாளம் அவளுக்கு. "அவருக்கு என்கூட ஆடப் பிடிக்கல. அடுத்த வாரத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை டியூஷன் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அப்படி இல்லம்மா" என்றேன். "நான்தான் பேசக்கூடாதுன்னு சொன்னேன். நான் ராத்திரி வேலை பாக்குறவன், பகல்லதான் தூங்குவேன். அப்பா பேசுனா எனக்குத் தூக்கம் வராது. அதனால அவுக வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாக. உன் மேல ஒரு கோவமும் இல்ல."

"இப்பவும் உங்க தூக்க நேரமா அங்கிள்?"

"ஆமா."

"அப்ப நான் மெதுவாப் பேசுறேன்" என்று ரகசியம் போலச் சொன்னாள். அவள் குரல் என் காதுக்குள் மட்டும்தான் கேட்கிறது என்று அவளுக்கு யார் சொல்வது?

அப்போது கதவு தட்டும் சத்தம் லேசாகக் கேட்டது. ஹெட்போனை ஒரு பக்கம் ஒதுக்கினேன். பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் அக்கா.

"ஏலே செல்வினு, அந்த ஆளு இல்லாதப்ப நீயும் கத்த ஆரம்பிச்சிட்டியா?"

நான் மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைத்திருந்தேன். ஒதுக்கியதை ஒதுக்கியபடியே விட்டுவிட்டு, "ஒரு நிமிஷம்மா" என்று நதியாவிடம் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்டது. கேட்டதும் தானாக இறங்கியது. இவ்வளவுதான் விஷயம். காது மூடினவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளையைத் தவிக்கவிட்டிருக்கிறேன், அவரிடம் ஒரு காதைத் திறந்து வையுங்கள் என்று சொல்லத் தெரியாமல்.

பதினொன்றே முக்காலுக்கு அண்ணன் மூச்சு வாங்க வந்து நின்றார். ஹெட்போனை நானே அவர் தலையில் மாட்டி, வலது காதை வெளியே விட்டேன். "மைக்கு போட்டிருக்கு. பேசுங்கண்ணே. எனக்குக் கேக்காது."

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அவள் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. அவர் குரல் மட்டும் முணுமுணுப்பாக வந்தது.

"ம், அப்பாதேன்... இல்ல ஆத்தா, அவன் நல்ல பய... எதுக்கு டியூஷன்?"

நான் போர்வைக்குள் கண்ணை மூடாமல் கிடந்தேன். நாற்பத்தைந்து நிமிடம் தூக்கம் போனது கணக்கில் இல்லை, அவளுடைய பதில் தெரிய வேண்டும்.

"சரி. அம்மாகிட்ட டியூஷன் வேண்டாம்னு சொல்லிரு" என்றார்.

அதன் பின் அவர் சத்தமே இல்லை. எனக்காகத்தான் மறுபடி அடக்கிக்கொள்கிறாரோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேசுங்கண்ணே" என்றேன். "நான் இன்னும் தூங்கல."