மேற்கு ஜன்னல்

கட்டடக்கலை இறுதித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாணவர்கள் எழுதிய திட்ட விளக்கத்தில் ஒவ்வொரு முடிவின் கீழும் பென்சிலால் கோடு போடுவாள். அதற்குக் காரணம் உருப்படியாக இல்லையென்றால் ஓரத்தில் ஒரு சுழி. 'அழகுக்காக' என்று எழுதியவன் அவளிடம் தப்பியதே இல்லை.

இப்போது எதிரே நின்ற மாணவியின் டயாலிசிஸ் நிலையத் திட்டத்தில் மூன்று பக்கம் வரை ஒரு சுழிகூட விழவில்லை. எடைக்கருவி வாசலருகே, ஏனென்றால் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும். கட்டிலுக்கு நேர் மேலே விளக்கில்லை, ஏனென்றால் நாலு மணி நேரம் மல்லாந்து கிடப்பவருக்குக் கண் கூசும். பரவாயில்லை, நேரில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள் என்று அம்மாளுக்கு மனம் குளிர்ந்தது.

நாலாம் பக்கத்தில் கட்டில் வரிசைக்கு எதிரே, மேற்கே முழுக் கண்ணாடி. காரணம்: முன்புறத் தோட்டக் காட்சி மனதுக்கு இதம்.

"மத்தியானமும் நோயாளி இருப்பாங்கன்னு நீயே எழுதியிருக்க. கையில ஊசி, திரும்பிப் படுக்க முடியாது. வெயில் மூஞ்சியில அடிக்குமே, ஏன் மேற்கு?"

பெண் பக்கத்தில் இருந்த வழிகாட்டிப் பேராசிரியரைப் பார்த்தாள். "வடக்குலதான் வெச்சேன் மேடம். மேற்கே ரோட்டுப் பக்கம் கண்ணாடி வந்தாதான் எடுப்பா இருக்கும்னு சார் திருப்பச் சொன்னாங்க. காரணம் அப்புறமா எழுதுனது."

"நல்ல கதையா இருக்கே! நான் எப்பம்மா சொன்னேன்?" என்று சிரித்தார் அவர்.

பெண் பையிலிருந்து பழைய வரைபடத்தை எடுத்து விரித்தாள். வடக்கு ஜன்னல்மேல் சிவப்பு மையில், 'மேற்கே திருப்பு'.

அந்தக் கையெழுத்து அம்மாளுக்கு அத்துப்படி. படித்து முடித்ததும் இந்தப் பேராசிரியரிடம்தான் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். முகப்பை அவர் முடிவு செய்வார், காரணத்தை இவள் ஜோடிப்பாள். கல்லூரியின் புது நூலகத்தை யார் வடிவமைப்பது என்று அடுத்த வாரம் சொல்லப்போகிறவரும் அவரே. அம்மாளின் பெயரும் அந்தப் போட்டிப் பட்டியலில் இருந்தது.

"தேர்வுக்குக் கொடுத்ததை மட்டும்தான் பார்ப்போம். அதை உள்ள வை" என்றாள்.

காரணப் பகுதியில் பாதி மதிப்பெண் தேறாவிட்டால் திட்டத்தையே அடுத்த வருஷம் மறுபடி செய்ய வேண்டும். பெண்ணுக்கு அது தெரியும். மதிப்பீட்டுத் தாளில் 'முக்கிய முடிவுக்கும் காரணத்துக்கும் பொருத்தமில்லை' என்று அம்மாள் குண்டு குண்டாக எழுதி, பாதிக்குக் கீழே மதிப்பெண் போட்டாள். எழுதியதில் பொய் ஒன்றுமில்லை.

"திருப்பச் சொன்னப்ப நான் என்ன மேடம் பண்ணியிருக்கணும்?" பெண் எதிர்த்துக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது முடியாது என்று சொல்லியிருந்தால், இப்போது சொல்ல ஒரு பதில் இருந்திருக்கும்.

"அடுத்த ஆளை வரச் சொல்லு" என்றாள்.