பிறைக் கணக்கில் ஓடிய ஆறு

ஆற்றுத்துறை அலுவலகத்தில் அவளை எல்லோரும் வெள்ளம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆற்றில் எப்போது எவ்வளவு தண்ணீர் வரும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஆனால் அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த ஆற்றில் வெள்ளம் என்று ஒன்று வந்ததே இல்லை. அறுபது வருடத்துக்கு முன்னால் மலையடிவாரத்தில் அணை கட்டியதிலிருந்து ஆறு கட்டிப்போட்ட பசுமாதிரி சாதுவாகக் கிடந்தது. "மழையே பெய்யாத ஊருக்குக் குடை விக்கிறவ" என்று வீட்டில் கணவன் கேலி செய்வான். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அந்த வருடம் அணையின் கதவுகள் துருப்பிடித்துப் போனதால் நீர்த்தேக்கத்தைக் காலிசெய்து, கதவுகளைக் கழற்றி, பழுதுபார்க்க முடிவானது. ஓராண்டுக்கு ஆறு தன் இஷ்டத்துக்கு ஓடும். நகரத்தின் நடுவே இருந்த பழைய கல்பாலத்தையும் இந்தச் சாக்கில் சரிசெய்துவிடலாம் என்று தலைமைப் பொறியாளர் உத்தரவு போட்டார். ஆற்றுக்குள்ளேயே சாரம் கட்டினார்கள். நடு மணல்திட்டில் கூடாரம் போட்டு முப்பது பேர் தங்கினார்கள். அவர்களுக்கு ஒரு மேஸ்திரி.

எந்த மாதத்தில் வேலை செய்யலாம் என்று கேட்டு வெள்ளம்மாவிடம்தான் கோப்பு வந்தது. அணைக்கு முந்தைய காலத்துக்கு ஆதாரம் என்று ஒன்றுதான் உண்டு: பாலத்தின் பெரிய தூணில் செதுக்கியிருந்த கோடுகள். முந்நூறு வருடமாகத் தண்ணீர் ஏறிய உயரத்தை பெருவெள்ளம் வந்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு கோடாக வெட்டி, பக்கத்தில் நாளையும் மாதத்தையும் ஆண்டையும் பொறித்திருந்தார்கள். மொத்தம் பதினான்கு கோடுகள். அணை கட்டுவதற்கு முன்பே அதை யாரோ படித்து ஓர் அறிக்கை எழுதியிருந்தார்கள். மூன்றாம் மாதம், ஒன்பதாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், ஐந்தாம் மாதம் என்று வெள்ளம் எல்லா மாதங்களிலும் சிதறிக் கிடந்தது. அறிக்கையின் கடைசி வரி: "இந்த ஆற்றுக்குப் பருவம் கிடையாது."

எந்த மாதமும் ஒரே ஆபத்துதான் என்றால் எப்போது வேலை செய்தாலென்ன? அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். ஆனால் சாப்பிடும்போது பல்லில் சிக்கிய நார்போல அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. பருவமே இல்லாத ஆறு உலகத்தில் உண்டா?

அவளுடைய நாத்தனார் அருங்காட்சியகத்தில் கல்வெட்டுப் படிப்பவள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தமாக இருக்கும் என்பார்கள். இவர்கள் இருவரும் சேர்ந்துகொண்டு நடுவில் இருப்பவனைத்தான் வாட்டுவார்கள். ஒரு காலை அவளைப் பாலத்துக்கு அழைத்துப் போனாள் வெள்ளம்மா.

நாத்தனார் சாரத்தில் ஏறி, ஈரத்துணியால் ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்துப் படித்தாள்.

"அறிக்கைல இருக்கறது சரிதான் அண்ணி. மாசத்துல தப்பே இல்ல."

"எல்லா மாசத்துலயுமா ஒரு ஆறு பொங்கும்?"

"கல்லு அப்படித்தான் சொல்லுது. வருஷம்தான் நம்ம வருஷம் இல்ல. இது பழைய பிறைக் கணக்கு. வருஷத்த மட்டும் மாத்தி எழுதியிருக்காங்க, பரவாயில்ல."

"மாசத்த?"

கையில் துணியோடு நாத்தனார் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாசத்த யாரும் மாத்த மாட்டோம்," என்றாள் மெதுவாக. "எங்களுக்கு எந்த ராஜா காலம்னு தெரிஞ்சா போதும். மூணாம் மாசம்னா மூணாம் மாசம்னுதான் விட்டுடுவோம்."

"அந்த மூணாம் மாசம் கோடையா, குளிரா?"

"எதுவா வேணும்னாலும் இருக்கலாம் அண்ணி. பிறை தெரிஞ்சா புது மாசம். பன்னெண்டு பிறை முடிஞ்சா புது வருஷம். வெயிலடிக்குதா, பனி கொட்டுதான்னு அது கேக்கவே கேக்காது."

வெள்ளம்மா சாரத்தின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். தானும் இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். படித்தது ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம் என்று இத்தனை நாள் கிடந்திருக்கிறது.

அங்கிருந்து நேராக அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். வெள்ளம்மாவின் பையில் கட்டம் போட்ட தாள் எப்போதும் இருக்கும். ஒரு கட்டம் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு இரண்டு விதமான பட்டைகளை வெட்டினார்கள். சூரியன் பட்டையில் வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து கட்டம். நிலாப் பட்டையில், இருபத்தொன்பதும் முப்பதுமாக மாறிமாறி வரும் பன்னிரண்டு மாதங்களுக்கு, முந்நூற்று ஐம்பத்துநான்கு. வருடம் வருடமாக ஒட்டிக்கொண்டே போனார்கள். மேசை போதவில்லை. நடைபாதைத் தரையில் இரண்டையும் அக்கம்பக்கமாக விரித்தார்கள். காவலாளி ஓரமாகச் சுவரை ஒட்டி நடந்து போனார்.

தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. முதல் வருடம் முடிந்தபோது நிலாப் பட்டை பதினோரு கட்டம் முன்னாலேயே முடிந்துவிட்டது. இரண்டாம் வருடம் இருபத்திரண்டு. மூன்றாவது வருடம் ஒரு மாதத்துக்கும் மேல்.

"இழுத்து நிறுத்த ஒரு மாசம் கூடச் சேக்க மாட்டாங்களா?" என்றாள் வெள்ளம்மா.

"சில ஊர்க் கணக்குல சேப்பாங்க. இதுல சேக்கறதே இல்ல. வெறும் நிலா மட்டும்தான். அதனால மாசமெல்லாம் பருவத்துக்குள்ள பின்னாடியே நடந்து போயிட்டே இருக்கும். முப்பத்துமூணு நிலா வருஷத்துல ஒரு முழுச் சுத்து சுத்தி, கிளம்பின இடத்துக்கே வந்துடும். அதுக்குள்ள சூரியன் முப்பத்திரண்டு வருஷம்தான் ஓட்டியிருக்கும்."

தூணில் மிகப் பழைய கோடு மூன்றாம் மாதம். அடுத்தது பதினாறு நிலா வருடம் கழித்து, ஒன்பதாம் மாதம். ஆறு மாத வித்தியாசம். அறிக்கையை நம்பினால் இரண்டும் எதிரெதிர்ப் பருவங்கள். வெள்ளம்மா முதல் வருடத்தின் மூன்றாம் மாதத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்து, அதற்கு நேர் கீழே சூரியன் பட்டையிலும் கோடு கிழித்தாள். பிறகு மண்டியிட்டபடியே நடைபாதையின் மறுகோடிக்கு நகர்ந்து, ஒன்பதாம் மாதத்தில் இன்னொரு புள்ளி வைத்தாள். கீழே பார்த்தாள்.

அதே வாரம்.

நாத்தனார் எழுந்து போய்க் கணினியைத் திறந்தாள். ஆண்டை மட்டும் மாற்ற வழக்கமாகப் பயன்படுத்தும் அதே நிரலில் இப்போது மாதத்தையும் நாளையும் போட்டாள். ஒவ்வொன்றாக அவள் வாசிக்க வாசிக்க, வெள்ளம்மா ஒரே ஒரு வருடத்துச் சூரியன் பட்டையில் புள்ளி வைத்தாள். பட்டை முழுக்கச் சிதறியிருக்க வேண்டிய புள்ளிகள், கூட்டுக்குத் திரும்பும் பறவைகள்போல ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தன. குளிர் முடிந்து வெயில் ஏறுகிற காலம். மூன்று வாரம்கூட அகலமில்லை. மலையில் பனி உருகுகிற காலம் அது.

ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாக, இலையுதிர் காலத்தில் நின்றது.

"இத நான்தான் தப்பாப் படிச்சிருப்பேன்," என்றாள் நாத்தனார்.

"வேணாம், அது அங்கயே இருக்கட்டும். அது மழை வெள்ளமா இருக்கும். நமக்குப் பிடிச்ச மாதிரி ஆத்தத் திருத்தக் கூடாது."

முந்நூறு வருடம். கோடு வெட்டியவர்களில் பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். கடைசிக் கோட்டை வெட்டியவன் பிறக்கும் முன்பே முதலாமவன் மண்ணாகியிருப்பான். ஒருவன் அதை மூன்றாம் மாதம் என்றான், ஒருவன் பன்னிரண்டாம் மாதம் என்றான். இருவரும் உண்மைதான் சொன்னார்கள். தலைக்கு மேல் நிலா தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. பூமி சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவே இல்லை. நடுவில் இந்தச் சின்ன ஆறு வருடம் தவறாமல் சூரியனுக்குத் தலையாட்டியிருக்கிறது. நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். கேட்டால் தூசி என்பாள்.

அப்போதுதான் வெள்ளம்மாவுக்குச் சுவரில் தொங்கிய நாட்காட்டி கண்ணில் பட்டது. அந்த மூன்று வாரம் தொடங்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

தலைமைப் பொறியாளர் லேசில் எதற்கும் மசியாதவர். பட்டைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அறுபது வருஷமா தூணோட கால் நனைஞ்சதில்ல."

"அப்ப அணை இருந்துச்சு சார். இந்த வருஷம் கதவே இல்ல."

"உங்களுக்குத் தோதான கோடா எடுத்துக் காட்டறீங்களோ என்னவோ."

"நீங்களே ஒண்ணு எடுங்க சார்."

அவர் பட்டியலில் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்தார். எட்டாம் மாதம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பேனா முனையால் வருடத்துக்குப் பதினோரு நாளாகத் தானே தள்ளிக்கொண்டு போனார். முனை அதே மூன்று வாரத்துக்குள் வந்து நின்றது. பிறகு, "இது எப்படி யார் கண்ணுலயும் படல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

மேஸ்திரிக்குத்தான் பொறுக்கவில்லை. கட்டிய சாரத்தைப் பிரிப்பதென்றால் யாருக்கு மனசு வரும்?

"வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லம்மா. எந்தப் பக்கத்துலேருந்து தண்ணி வரப்போகுது?"

"மலைலேருந்து. வெயில்தான் கொண்டுவரும்."

"வெயில் தண்ணி கொண்டுவருமா?" என்று அவர் ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். சாரம் கரையேறியது. மணல்திட்டில் இருந்த கூடாரங்கள் மேட்டுத் தெருவில் ஒரு கிடங்குக்கு மாறின.

மூன்று வாரத்தில் முதல் வாரம் போனது. ஆறு முழங்கால் அளவில் சலசலத்தது. இரண்டாம் வாரமும் முடியப்போனது. "என்ன வெள்ளம்மா, உங்க வெள்ளம் வழி தெரியாம நிக்குதா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இரவில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பதின்மூன்று புள்ளிகள் பொய் சொல்லுமா? சொல்லலாம். ஆறு யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லையே.

பளிச்சென்று வெயிலடித்த ஒரு பிற்பகல், மேஸ்திரியிடமிருந்து அழைப்பு வந்தது. "அம்மா, தண்ணி நிறம் மாறுது" என்றார், அவ்வளவுதான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பாலத்தின் கைப்பிடிச் சுவர் நெடுகக் கூட்டம். நீலவானத்துக்குக் கீழே, ஒரு துளி மழை இல்லாமல், ஆறு ஏறிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில், பனியின் குளிரோடு, வேரோடு பிடுங்கிய மரங்களை உருட்டிக்கொண்டு வந்தது. மணல்திட்டு எப்போது மறைந்தது என்றே யாருக்கும் தெரியவில்லை. இருந்தது, பிறகு இல்லை. நாத்தனார் வந்து பக்கத்தில் நின்றாள்.

தண்ணீர் மிகத் தாழ்ந்த கோட்டைத் தொட்டது. அதை மூடியது. அடுத்ததைத் தொட்டது.

"ஏழாம் மாசம்," என்றாள் நாத்தனார் தணிந்த குரலில். கொஞ்சம் கழித்து, "பத்தாம் மாசம்."

ஒவ்வொரு கோடாக மூழ்க மூழ்க அவள் அந்தப் பழைய மாதங்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆறு கோடுகள் போயின. ஏழாவதற்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. இருட்டும்வரை அங்கேயே நின்று, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது.

முப்பது பேரும் கரையில்தான் நின்றிருந்தார்கள். மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தங்கள் கூடாரம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளிடம் வந்து, "காப்பி குடிச்சீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல."

"வாங்கிட்டு வரேன். ரெண்டு பேருக்கும்."

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். வெள்ளம்மா குளிர்ந்த கல்சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். கீழே ஓடும் தண்ணீரின் அதிர்வு கல் வழியாக ஏறி உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தது. கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.