முள் பாதியைத் தாண்டியபோது

சத்தியமங்கலத்திலிருந்து மலையேறும்போதே வாடகைக் கார் ஓட்டும் பிரான்சிஸ் கவனித்துவிட்டார். எப்போதும் பாதியில் நிற்கும் டெம்பரேச்சர் முள் அதைத் தாண்டியிருந்தது. ஏசியை அணைத்து ஓரங்கட்டினால் சவாரிக்காரர்கள் முகம் சுளிப்பார்களே என்று பேசாமல் ஓட்டினார். முள் சிவப்பைத் தொட்டு, பானட்டில் ஆவி கிளம்பிய பிறகே நிறுத்தினார்.

கோவை சிங்காநல்லூர் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்த காரின் இன்ஜினை மெக்கானிக் அங்கப்பன் பிரித்துப் பார்த்தார். "சூட்டுல இன்ஜின் ஹெட்டே வளைஞ்சுபோச்சுங்க. முள்ளு எப்பங்க ஏறுச்சு?"

"திடீர்னு ஏறிப்போச்சுங்க."

அங்கப்பன் முகம் வாடியது. "போன வாரம் ரேடியேட்டருக்குத் தண்ணி போற ஹோஸ் மாட்டுனது நானுங்க. சரியா முறுக்காம உட்டுப்போட்டேனாட்ட இருக்குது. மன்னிச்சுப்போடுங்க."

பிரான்சிசுக்கு உடம்பெல்லாம் கூசியது. "இல்லீங்க. மூணாவது வளைவுலயே பார்த்துட்டனுங்க. பார்த்துமே ஓட்டுனேன்."

"அப்பவே நிறுத்தியிருந்தா, ஆறவிட்டுத் தண்ணி ஊத்துறதோட போயிருக்குமுங்க" என்றார் அங்கப்பன். அவர் திட்டியிருந்தால்கூடப் பிரான்சிசால் நிமிர்ந்து பார்த்திருக்க முடியும்.