சற்குணத்தின் கத்தி

ஐயாத்துரை எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தில் கத்தி என்ற சொல் மூன்று இடங்களில் இருந்தது. தம்பி சற்குணம் கத்தியை எடுத்துத் தன் மனைவியைக் குத்த வந்தான், ஆகவே அவனை மனநல வார்டில் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். வார்டு டாக்டர் ரோஹானா அதைப் படித்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குப் போக முடியாத இரண்டாவது நாள் அது.

சற்குணம் துறைமுக அலுவலகத்தில் கிளார்க். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி ஃபிளாட்டில் மனைவி நல்லம்மாவோடும் இரண்டு வயது மகளோடும் இருந்தார். மாத்திரையை நிறுத்திச் சில மாதங்களாகிவிட்டன. பைப் தண்ணீரில் விஷம் கலக்கிறார்கள் என்று அவருக்குக் குரல்கள் சொல்லின. தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். இப்போது உதடு வெடித்து, நாக்கு காய்ந்து, அவசரப் பிரிவிலிருந்து அவரை மேலே கொண்டுவந்திருந்தார்கள். காய்ச்சல் இல்லை. நேரமும் இடமும் தெளிவாகச் சொன்னார், ஆகவே இது உடல்நோயால் வந்த குழப்பம் அல்ல. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் திணறத் தொடங்கியிருந்தது தெரிந்தது. டிரிப் போட வந்த நர்ஸின் கையை அவர் தட்டிவிட்டிருந்தார்.

ரோஹானா நல்லம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கத்தியைப் பற்றிக் கேட்டதும் நல்லம்மா வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே ஐயாத்துரை நின்றுகொண்டிருந்தார். கதவை மூடச் சொன்ன பிறகுதான் பேசினாள். சமையலறைப் பைப்பை அறுக்கத்தான் சற்குணம் கத்தியை எடுத்தாராம். அவளை நோக்கி ஓங்கவே இல்லையாம்.

“வேற என்னக்கா பயம் உங்களுக்கு? மறைக்காம சொல்லுங்க.”

அவள் மூடிய கதவை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“பாப்பாவுக்கும் தண்ணி குடுக்க விடல டாக்டர். நான் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். நேத்து அதையும் கண்டுபிடிச்சி, புள்ளைய ரூம்ல வச்சிப் பூட்டிட்டாரு. அவர் பாசத்துலதான் செஞ்சாரு. அத எழுதினா வெல்ஃபேர் ஆபீஸ்ல புள்ளைய எடுத்துக்குவாங்களோன்னு சொல்லல.”

அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து பூட்டை உடைத்திருக்கிறார்கள். குழந்தை இப்போது ஜுரு என்ற ஊரில் அத்தை வீட்டில் நலமாக இருந்தது. பிள்ளையை எடுத்துப் போவதற்காக இதை எழுதவில்லை என்றும், பாதுகாப்பான இடத்தில் அது இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுவதாகவும் ரோஹானா சொன்னார்.

பிறகு ஐயாத்துரையை உள்ளே வரச் சொன்னார். கத்தி விஷயம் அப்படி நடக்கவில்லை, திருத்தி எழுதிக் கொடுங்கள் என்றதும் அவர் முகம் இறுகியது. போன மாதம் இதே மாதிரி கூட்டி வந்தபோது யாரையும் அடிக்கவில்லையே என்று, மாத்திரைக்குப் பதிலாக மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றார்.

“கத்தின்னு சொன்னாத்தான் நீங்க வச்சிக்குவீங்க. என் தம்பி வீட்டுல கிடந்து சாகணுமா?”

“அண்ணே, பொய் இருந்தா இந்தக் காகிதம் நிக்காது. அவர் குடிக்காம இருக்கிறதே போதும். பிள்ளையைப் பூட்டினதும் போதும். நடந்ததை மட்டும் எழுதுவோம்லா.”

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். கத்தி வந்த வரிகளை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

ரோஹானா தன் குறிப்பைத் தொடங்கினார். தன் உயிருக்கு உடனடி ஆபத்து: தண்ணீரையும் சிகிச்சையையும் மறுக்கிறார். பிறருக்கு ஆபத்து: குழந்தையைத் தண்ணீர் இல்லாமல் பூட்டினார். கத்தியால் யாரையும் மிரட்டவில்லை. அதன் கீழ், இதைவிட எளிய வழிகள் ஏன் போதவில்லை என்று எழுதினார். கிளினிக்கில் மாத்திரை தரப்பட்டது, விட்டுவிட்டார். ஊசி போடச் சமூக நர்ஸ் வீட்டுக்குப் போனார், கதவு திறக்கவில்லை. அத்தை வீட்டுக்கு அழைத்தார்கள், அங்கும் பைப்புதானே என்று மறுத்தார். ஒரு வழியை மட்டும் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை. எழுந்து சற்குணத்தின் கட்டிலருகே போனார்.

தானாக வார்டில் தங்கச் சம்மதமா என்று கேட்டார். மூடி உடைக்காத பாட்டிலை சற்குணமே திறந்து குடிக்கலாம் என்றும் சொன்னார். அவர் பாட்டிலை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“மூடி நல்லாத்தான் இருக்கு. தண்ணியிலதான் கோளாறு. நான் தங்க மாட்டேன்.”

சட்டம் என்ன சொல்கிறது என்பதை ரோஹானா மெதுவாக விளக்கினார். அப்போது நடப்பில் இருந்த 1952ஆம் ஆண்டு மனநோய்ச் சட்டப்படி கண்காணிப்புக்காக அவரை வைத்திருக்கப்போகிறார்கள். அதற்கு ஒரு கால வரம்பு உண்டு. அதற்குப் பிறகும் வைக்க வேண்டுமானால் மறுபடி சோதித்து எழுத வேண்டும். சற்குணம் எல்லாவற்றையும் கேட்டார்.

“நான் ஒத்துக்கலன்னு எழுதுங்க. இவங்க என்னைக் காப்பாத்துறதா நினைக்கிறாங்க, தப்புன்னும் எழுதுங்க.”

ரோஹானா அவர் முன்னாலேயே, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வாசித்துக் காட்டினார். அவர் தலையாட்டினார். அதன் பிறகு நான்கு பேர் பிடித்துத்தான் ஊசியும் டிரிப்பும் போட முடிந்தது. நல்லம்மா வராந்தாவில் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். மனநல ஸ்பெஷலிஸ்ட் வந்து தானும் சோதித்துவிட்டு அந்தக் குறிப்பில் கையெழுத்திட்டார்.

இரண்டாம் வாரம் சற்குணம் தானாகத் தண்ணீர் கேட்டார். வீடு திரும்பினார், ஊசிக்கும் வந்தார். தன்னைச் சேர்க்க விண்ணப்பம் எழுதிய அண்ணனோடு மட்டும் நெடுநாள் பேசவில்லை. பிள்ளையைத் தூக்கச் சற்குணத்துக்கே தயக்கமாக இருக்கிறது என்று ஒருநாள் கிளினிக்கில் நல்லம்மா சொன்னாள். அடுத்த ஊசிக்கு வரும்போது பிள்ளையையும் கூட்டி வரச் சொல்லி, ரோஹானா தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தார். வெளியே இன்னும் பலர் காத்திருந்தார்கள்.